முனிகிருஷ்ணனும் நானும் ஒரே தாழ்வாரத்தில்

முனிகிருஷ்ணனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுவது எனக்கு இன்றைக்கும் கசக்கிறது. சத்தியவேடு தாலுகா ஆபீஸ் தாழ்வாரத்தில் நாங்கள் இரண்டு பேர் மனு எழுதிக்கொண்டிருந்தோம். அவர் கிழக்கு மூலை, நான் மேற்கு மூலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவருடையது கோழி கிளறிய மாதிரி. ஆனாலும் ஜனம் அவரிடம்தான் போனது. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

திருப்பதியில் ஒரு மண்டியில் கணக்கு எழுதி, தெலுங்கு கற்றுக்கொண்டு வந்தவர் அவர். 1960 ஏப்ரலில் எங்கள் பக்கம் செங்கல்பட்டு ஜில்லாவை விட்டு ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் சேர்ந்ததும் அவர் காட்டில் மழை. எனக்குத் தெலுங்கில் நாகேந்திரன் என்று என் பெயரைத்தான் எழுதத் தெரியும்.

அந்த மே மாதம் செங்கம்மா வந்தாள். புருஷன் இல்லாதவள். கூலி வேலை. இரண்டு ஏக்கர் தரிசைத் திருத்தி, அதற்குப் பட்டா கேட்டு மனுப் போட்டிருந்தாள். செங்கல்பட்டிலிருந்து, ‘தங்கள் மனு இந்த ஆபீஸைச் சேர்ந்ததல்ல’ என்று ஒரு வரிக் கடிதம் வந்திருந்தது. ஆடி உழவுக்குள் காகிதம் வராவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்கு எழுதிவிடுவதாக ஊர்க் கணக்கரான கர்ணம் மிரட்டிவிட்டாராம்.

“மனு எழுதுற முனிகிருஷ்ணன் ஐயா நீங்கதான?” என்று கேட்டாள்.

‘இல்லையம்மா, அதோ அந்த மூலை’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். ஒரு ஆளாவது என்னிடம் நிற்கட்டும் என்ற எண்ணம்தான்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் வைத்திருந்துவிட்டு இப்போது கை கழுவுகிறார்களா என்று செங்கல்பட்டுக்கே இரண்டு பக்கம் வெளுத்து வாங்கினேன். ‘பொறுப்பைத் தட்டிக்கழிப்பது தங்களுக்கு அழகல்ல’ என்று முடித்தேன். படித்துக் காட்டியதும் செங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒன்றரை மாதம் ஆயிற்று. பதிலே இல்லை. ஆனி பாதியில் அவள் மறுபடி வந்து என் முன்னால் நின்றபோது, ஆபீஸ் பியூன் கிழக்கே பார்த்து, “ஏமண்டி முனிகிருஷ்ணன் காரு, தாசில்தார் பிலுஸ்துன்னாரு!” என்று கூவினான். தாசில்தார் கூப்பிடுகிறாராம். கிழக்குப் பக்கம் நின்ற கூட்டத்துக்குள்ளிருந்து முனிகிருஷ்ணன் எழுந்து உள்ளே போனார். அவள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் பேனாவைத் துடைத்தேன்.

“ஆளு மாறி வந்து உங்களுக்குத் தொந்தரவு குட்த்துட்டேன். கோச்சிக்காதீங்க ஐயா. அவரு திரும்பி வந்தா எங்க குந்துவாரு, சொல்லுங்க. போய்க் கேட்டுக்கறேன்.”

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இப்படிக் கேட்டால் என்ன செய்வது? கையைக் காட்டினேன்.

முனிகிருஷ்ணன் திரும்பி வந்து, அந்த ஒரு வரிக் கடிதத்தையும் என் இரண்டு பக்க நகலையும் படித்தார். நகலை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ஒரு கார்டை எடுத்து எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினார். மேற்கு மூலையில் எனக்கும் கேட்டது.

‘இது தங்கள் ஆபீஸைச் சேர்ந்ததல்ல என்று தெரிவித்ததற்கு நன்றி. அறியாமல் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும். இனி எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும் என்று தயவுசெய்து தெரிவிக்கவும். மனுக் கட்டு அவருக்கு அனுப்பப்பட்டிருந்தால், அனுப்பிய நம்பரும் தேதியும் கொடுத்தால் பேருதவியாக இருக்கும்.’ அதன் கீழே அவள் பழைய மனுவின் தேதி, ஊர், சர்வே நம்பர். அவ்வளவுதான்.

இதுவும் ஒரு எழுத்தா என்று எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன். பதினோராம் நாள் பதில் வந்தது. கட்டு சித்தூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருக்கிறது, இன்ன நம்பர், இன்ன தேதி. அந்த நம்பரைத் தலைப்பில் போட்டு முனிகிருஷ்ணன் சித்தூருக்குத் தெலுங்கில் எழுதினார். அங்கே மூட்டை மூட்டையாகக் கிடந்த கட்டுகளில் அவளுடையதைத் தேடி எடுக்க அந்த நம்பர் போதுமாக இருந்தது. ஆடி பிறந்த நாலாம் நாள் பட்டா கொடுக்கச் சொல்லித் தாலுகா ஆபீஸுக்கு உத்தரவு வந்துவிட்டது. கர்ணம் வாயை மூடிக்கொண்டார்.

செங்கம்மா ஒரு கூடை கத்திரிக்காயோடு வந்தாள். நேரே என்னிடம்தான் வந்தாள்.

“நீங்க கை காட்டலன்னா அவர நான் எங்க தேடிக்கினு இருப்பேன்? நீங்க நல்லா இருக்கணும் ஐயா” என்று பாதியை என் துண்டில் கொட்டினாள்.

முதல் நாளே காட்டியிருந்தால் ஒன்றரை மாதம் வீணாகத் தூக்கமில்லாமல் கிடந்திருக்க மாட்டாள். கத்திரிக்காயைத் துண்டில் முடிந்துகொண்டேன். கிழக்கு மூலையைப் பார்த்தேன். மே மாதம் நான் தலையாட்டியபோதும் முனிகிருஷ்ணன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவள் கேட்டது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. இப்போது அவளிடம், “நாகேந்திரன் ஐயா சரியான ஆளாத்தான் காட்டினாரு” என்றார்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கும் சேர்த்து அவர்மேல் பொறாமைப்பட்டேன்.