கதவுக்கு வந்த 1901

கார்டைக் காட்டினால் திறக்கும் கதவுப் பூட்டு செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. தாம்பரத்தில், மூன்றாவது மாடி. எந்தப் புது மென்பொருளானாலும் முதலில் எங்கள் வாசலிலேயே ஓட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அந்தப் பூட்டு 1970-லிருந்து ஓடிய நொடிகளை எண்ணி நேரம் பார்க்கும். எண்ணை வைக்க அதற்கு முப்பத்திரண்டு பிட்தான் இடம். 2038 ஜனவரி 19 அன்று அது நிரம்பிவிடும்; அடுத்த நொடி எண் மைனஸுக்குப் போய், தேதி 1901 டிசம்பர் ஆகிவிடும். அமெரிக்காக்காரன் அப்போது வேலை முடிந்து வீட்டில் இருப்பான். நமக்குக் காலை எட்டே முக்கால், ஆபீஸ் கிளம்புகிற நேரம்.

அறுபத்து நான்கு பிட்டுக்கு மாற்ற ஒரு மாதம் கேட்டேன். மேனேஜர் சிரித்தார். "அதுக்கு இன்னும் வருஷக்கணக்கா இருக்கும்மா. மாடம்பாக்கம் நர்ஸ் ஹாஸ்டலை நடத்துற சிஸ்டர் இன்னைக்குப் பூட்டைப் பார்க்க வராங்க. நாளைக்கே மாட்டணும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஹாஸ்டல் கதவுகளுக்குப் பதினைந்து வருட உத்தரவாதம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

சிஸ்டர் வருவதற்குள் நிரூபித்துவிடுவோம் என்று வாசல் பூட்டின் கடிகாரத்தை 2038-க்குத் தள்ளி, கெடுவுக்குக் கால் மணி முன்னால் வைத்து ஓடவிட்டேன். அப்போது பார்த்து யாரோ "டீ!" என்றார்கள். மொத்த ஆபீஸும் கீழே இறங்கியது. அறிவாளி நானும் இறங்கினேன்.

திரும்பி வந்தால் சிவப்பு விளக்கு. எங்கள் கார்டுகள் போன வருடத்திலிருந்துதான் செல்லும். கதவோ 1901-ல் இருந்தது. அதைப் பொறுத்தவரை நாங்கள் யாரும் இன்னும் வேலைக்கே சேரவில்லை. திறக்கும் பட்டன், லேப்டாப், சாவி எல்லாம் உள்ளே. கரண்ட் போனால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும் என்று மெயினை அணைத்துப் பார்த்தோம். பேட்டரி பிடித்துக்கொண்டது, அதுவும் எங்கள் பெருமைக்குரிய தயாரிப்பு.

"இன்னாம்மா பண்ணி வெச்ச?" மேனேஜருக்கு மெட்ராஸ் பாஷை கோபத்தில் மட்டும்தான் வரும்.

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் படியேறி வந்தார். மறைக்க வழியில்லை. நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே எங்களோடு படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கவும் செய்தார். பிறகு மேனேஜரிடம் கேட்டார், "அன்னைக்குக் காலைல நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற நர்ஸ் பொண்ணுங்க எங்க கேட்ல இப்படி நின்னா, யாருக்கு சார் போன் பண்ணணும்?"

மதியம் பேட்டரி உயிரை விட்டது, கதவு திறந்தது.

"ஒரு மாசம் டைம் குடுங்க சிஸ்டர்," என்றார் மேனேஜர். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

"எடுத்துக்கோங்க. ஆனா நீங்க எல்லாரும் வெளிய நின்னு காட்டணும்."

ஒரு மாதம் கழித்துக் காட்டினோம். லேப்டாப், சாவி, சாப்பாட்டு டப்பா எல்லாம் உள்ளே. நாங்கள் வெளியே, சிஸ்டரோடு. பூட்டின் கடிகாரம் 2038 கெடுவைத் தாண்டியது. யாரும் கார்டை எடுக்கவில்லை. கடைசியில் மேனேஜர்தான் தன்னுடையதை நீட்டினார். பச்சை விளக்கு எரிந்ததும் முதல் வேலையாக உள்ளே போய்ச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.