பத்துப் படத்தில் ஒரே காக்கா

என் இரண்டு நாளைப் பாழாக்கியவன் நீதான். மீன்களை இனம் பிரிக்கும் கல்லூரி புராஜெக்டுக்காக உங்கள் ஊர் மீன் ஏலத்தை வீடியோ எடுத்தோம். மொத்தம் மூவாயிரம் பிரேம், அதாவது அசையாத தனிப் படங்கள். பத்துக்கு ஒன்று என்று பிரித்தால் முந்நூறு படம் வர வேண்டும். பிரித்தது நீ. வந்தது மூவாயிரம்.

"கூடுதலா கெடச்சா நல்லதுதானே மக்கா" என்று சொல்லி, புராஜெக்ட் சாரும் இருக்கும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மூவாயிரம் படம் என்று பெருமையடித்தாய். நானும் நம்பி, ஒவ்வொரு மீனையும் சுற்றிக் கட்டம் போட்டு சாளை, அயிலை என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

மீன் விற்றுவிட்டு வந்த உன் அம்மா திரையை எட்டிப் பார்த்தார். "ஏலே, கூடை மேல இருக்க காக்கா பத்துப் படமா அனங்கலியே, செத்துப்போச்சா?"

அப்போதுதான் நீ மென்பொருளுக்குக் கொடுத்த கட்டளையைப் பார்த்தேன்; இடையில் தவிர்த்த ஒன்பது பிரேம்களின் இடத்தை நிரப்பாதே என்று சேர்க்க மறந்திருக்கிறாய். அது ஒவ்வொரு படத்தையும் பத்து முறை போட்டுவிட்டது. நகல்களை அழித்தேன்.

ரிவ்யூவில் முந்நூறு படம்தான் இருக்கிறது, மீதி எங்கே என்று சார் கேட்டதும், "இவன் அழிச்சிட்டான் சார்" என்றாய். மதிப்பெண் எனக்குத்தான் குறைந்தது. அதே குழுவில், எல்லோரும் பார்க்கப் பதில் சொல்: ஒரு காக்காவைப் பத்தாக்கியது யார்?