நான் எழுதாமல் விட்ட ஐந்தாம் விதி

பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆகியும், புதுச்சேரியில் எங்கள் பள்ளியில் வாத்தியாரை ‘முசே’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அறிவியல் முசே ஒல்லியானவர். பென்சிலைக் காதில் செருகியபடியே சாப்பிடப் போய்விடுவார்.

எட்டாம் வகுப்பில் முதன்முதலாகக் கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரே ஒரு படம்தான் கூடத்தில் தொங்கும். எங்கள் வகுப்பை நாலு குழுவாகப் பிரித்த முசே, படம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், குழுவுக்கு ஒன்றாக நாலு பிரதி எடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

அதில் இருந்தவை இன்றும் எனக்கு மனப்பாடம். கூர் சீவிய பென்சிலால் வரைக. ஒரே கோடாக வரைக. மேலும் மேலும் கிறுக்காதே. தாளின் பெரும்பகுதியைப் படம் நிரப்பட்டும். பெயர்க்கோட்டை அளவுகோல் வைத்துப் போடு. கோட்டின் நுனி உறுப்பைத் தொட வேண்டும், அம்புக்குறி வேண்டாம், ஒரு கோடு இன்னொன்றை வெட்டக் கூடாது. ஐந்தாவது: வண்ணம் தீட்டாதே, நிழல் போடாதே. ஆறாவது: பெயர்களை வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுக்கையாக எழுது. கடைசியாக, தலைப்பு படத்துக்குக் கீழே.

மூன்று பிரதிகளைச் சரியாக எழுதினேன். நாலாவது, அரியாங்குப்பத்திலிருந்து வரும் பையனின் குழுவுக்கு. அவனுக்குச் செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டு. எனக்கு அவரை விதை. அவன் கையில் பென்சில் தானாக ஓடும். அவன் இருக்கும்வரை என் படம் கூடத்துக்குப் போகாது. சிவப்புச் சாயம் அவனிடம் இருப்பதும் எனக்குத் தெரியும். ஐந்தாம் விதியை விட்டுவிட்டு, ஆறாவதை ஐந்து என்று எழுதினேன். எண் வரிசை குலையாதபடி அவ்வளவு கவனமாகச் செய்தேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அவன் படத்தை விரித்தான். வகுப்பே எழுந்து நின்றது. இதழ் ஒவ்வொன்றும் பற்றி எரிகிற சிவப்பு. மகரந்தம் மஞ்சள். அந்தச் சிவப்புக்குள் சூல்பையும் இல்லை, சூல்தண்டும் இல்லை, எல்லாம் மூழ்கிவிட்டிருந்தன.

“செம்பருத்தி செவப்புன்னு எனக்குத் தெரியும்டா. அறுத்தா உள்ள என்னா இருக்குதுன்னு காட்டு” என்றார் முசே.

“சாயம் அடிக்கக் கூடாதுன்னு சொல்லவே இல்லியே முசே” என்று அவன் தாளை நீட்டினான்.

பக்கத்துக் குழுக்காரன் உடனே கத்தினான்: “எங்க தாள்ல இருக்குது முசே! அஞ்சாவது!”

முசே இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் காது சுட்டது.

“நாலு தடவ எழுதுனவன், கை வலிச்சிருக்கும். ஒரு வரி வுட்டுப்போச்சு. யாரும் அவனக் கேலி பண்ணாதீங்க” என்றார்.

“பரவால்ல வுடுடா, நானா இருந்தா நாலு வரி வுட்டிருப்பேன்” என்றான் அரியாங்குப்பத்துப் பையன். வகுப்பு சிரித்தது. செய்யாத தவறுக்கு எனக்கு மன்னிப்பு கிடைத்தது. செய்த தவறு, சட்டைப்பைக்குள் நான் மடித்து வைத்திருந்த முசேயின் குறிப்பு மாதிரி என்னிடமே தங்கிவிட்டது.

தப்பு அவனுடையது இல்லை என்பதால், மதிய இடைவேளைக்குள் அவன் புதுப் படம் முடிக்கவேண்டும் என்றார் முசே. ஒரு பூ கேட்டால், சுற்றுச்சுவர் ஓரத்துச் செடியை மொட்டையடித்து முப்பது பூ கொண்டுவந்தார்கள். முசே பிளேடால் நெடுக அறுத்தார். அவன் குப்புறப் படுத்து வரைந்தான். இரண்டு பேர் தாளின் முனைகளைப் பிடித்தார்கள், ஒருவன் விசிறினான், ஒருவன் அவன் வாயில் தயிர்சாதத்தை ஊட்டினான்.

“தாள்ல சோறு வுழுந்துச்சுன்னா உன்ன கடல்ல தூக்கிப் போட்டுடுவேன்!” என்றான் வரைந்தவன்.

“வுழுந்தா அதுக்கும் ஒரு கோடு போட்டு சோறுன்னு எழுதிடு!”

முசேயே சிரித்துவிட்டார். பெயர்க்கோடுகளைப் போட என்னைக் கூப்பிட்டான் அவன்: “நீதான்டா நேரா போடுவ, வா.” அளவுகோலை அழுத்திப் பிடித்துப் புல்லி, அல்லி, மகரந்தக்குழல், சூல்பை என்று ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒரு கோடும் இன்னொன்றை வெட்டவில்லை. வெட்கத்தோடு தொடங்கியவன், ஐந்தாம் கோட்டில் எல்லாவற்றையும் மறந்து சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் கூசுகிறது.

மறுநாள் கூடத்தில் செம்பருத்திதான் தொங்கியது. அவன் அம்மா வந்திருந்தார். எழுத்து தெரியாதவர். வலப்பக்கத்துப் பெயரில் விரல் வைத்து, கோட்டின் வழியே ஊர்ந்து, பூவுக்குள் போய் நின்று, “இது இன்னாடா?” என்றார். அவன் சொன்னான். அடுத்த பெயருக்குப் போனார். ஏழு கோட்டுக்கும் அப்படியே. ஒரு முறையும் விரல் வழி தவறவில்லை.

“கோடு பூரா இவன் போட்டதும்மா” என்று அவன் என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தான்.

அந்த அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். “நல்ல சிநேகிதக்காரனாத்தான் சேத்துக்கினு இருக்கற” என்றார்.