குணபூசணி கண்ட பாலிபேக்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குணபூசணி அம்மாளின் கண்ணை உறுத்தியவை இரண்டு. ஒன்று, பக்கத்து வீட்டு இராஜம்மா. மற்றது, இராஜம்மாவின் பால்கனியில் வரிசை கட்டி நின்ற கறுப்புப் பாலிபேக்குகள். எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் கன்று வளர்க்கிற அதே பிளாஸ்டிக் பைகளில் மிளகாயும் கத்தரியும் காய்த்தன. அது செடி வைக்கிற சாமானா, குப்பை கட்டுகிற சாமானா என்று அம்மாள் மாடிப்படியில் போவோர் வருவோரிடமெல்லாம் கேட்பார். அவர் வீட்டிலோ எல்லாம் சுட்ட மண்தொட்டி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மண்தட்டு. தொட்டிகளில் கேமரன் மலையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த ரோஜா. பெற்ற பிள்ளைகளைக்கூட அவ்வளவு பக்குவமாக மடியில் வைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

எண்பதுகளின் கடைசியில் அந்தப் பக்கம் டெங்கிக் காய்ச்சல் பரவியது. சுகாதார அதிகாரி ஜெயராஜ் எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில் நின்று, தண்ணீர் தேங்கிய பால்கனிகளைப் படம் பிடித்தார். அதிகாரி என்றால் இப்படி இருக்க வேண்டும்: படம் கழுவி வருவதற்குள் வீட்டு எண்ணைத் தொலைத்துவிட்டார். மூன்றாம் மாடியில் ஒரு பால்கனி என்பது மட்டும் நினைவில் இருந்தது. அம்மாளுடையதா, இராஜம்மாவுடையதா என்று தெரியவில்லை. அந்த மாடியில் பச்சைக் கம்பி போட்டவை இவை இரண்டுதான். போய்ப் பார்க்கலாம் என்றால், சுகாதார வேன் வந்த அன்றே கட்டடம் முழுவதும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துடைத்த கையோடு நின்றது.

குடியிருப்போர் கூட்டத்தில் செயலாளர் இராமலிங்கம் சமாதானமாகப் போகப் பார்த்தார். தண்ணீர் நின்ற சாமானை மட்டும் எடுத்தால் போதும் என்றார். அதிகாரியும் தலையாட்டினார். அம்மாள் விடுவாரா?

"சாமானை மட்டும் எடுத்து என்ன பிரயோசனம்? படத்தில இருக்கிற பால்கனியை முழுசாய்த் துடைக்க வேணும். ஒரு செடியும் மிஞ்சக் கூடாது."

கை தூக்கச் சொன்னார்கள். காய்ச்சல் பயம் எல்லாக் கையையும் தூக்கியது. இராஜம்மா மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மிளகாயும் கத்தரியும்தான் அவர் வீட்டுச் சமையலில் பாதி.

பிறகுதான் படம் மேசைக்கு வந்தது. மழை விட்ட நேரத்தில் எடுத்த இருண்ட படம். கறுப்பாகச் சில உருவங்கள், அவற்றிலிருந்து மொட்டைக் குச்சிகள், ஓரத்தில் தண்ணீர் மின்னும் தட்டையான ஒன்று. கண்ணாடி போடாமலே அம்மாள் தீர்ப்புச் சொன்னார். கறுப்பாய் இருப்பது பாலிபேக், குச்சி காய்த்து ஓய்ந்த கத்தரி, தட்டையாய் இருப்பது விதை போட்டு நாற்று எடுக்கிற தட்டு. கட்டடத்தில் நாற்று எடுக்கிறவள் ஒருத்திதானே என்றும் சேர்த்துக்கொண்டார். சபை இராஜம்மாவைப் பார்த்தது.

"அக்கா, நாத்துத் தட்டு அடியில குழிக்குக் குழி ஓட்டை இருக்கும்லா. அதுல தண்ணி எப்படி நிக்கும்? கண்ணாடி போட்டு நல்லாப் பாருங்க."

அம்மாள் கண்ணாடியை மாட்டினார். மாட்டாமல் இருந்திருக்கலாம். மண் நிறைந்த பை அடியில் பிதுங்கியிருக்கும், வாய் கசங்கிச் சரிந்திருக்கும். இவை வாயில் அகன்று அடியில் குறுகி நின்றன. விரல் பருமனில் வளையாத விளிம்பு. அதன் கீழே, வருஷக் கணக்கில் மண்ணிலிருந்து கசிந்த உப்பு வெள்ளைப் பட்டையாகப் படிந்திருந்தது. மழையில் ஊறிய சுட்டமண் கறுத்துத்தான் தெரியும். தட்டையான சாமானில் குழிகளே இல்லை. தொட்டிக்கு அடியில் வைக்கிற மண்தட்டு, ரோஜாவைக் கவாத்துச் செய்த அன்று அவரே ஓரமாக இழுத்து வைத்தது. அந்த மொட்டைக் குச்சிகளும் அவர் வெட்டியவைதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கூட்டம் கூட்டித் தீர்மானமும் போட்டுக்கொண்டது.

படம் கைமாறிப் போனது. ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பிறகு சபை அம்மாளைப் பார்த்தது.

இராஜம்மாதான் முதலில் பேசினார். "செடி என்ன பண்ணுச்சு? தட்டை மட்டும் எடுத்தாப் போதும். நான் சொல்றேன், விட்டுருங்க."

இராமலிங்கம் அதற்குத்தான் காத்திருந்தார். உடனே தீர்மானத்தை மாற்றிவிடலாம் என்றார். அம்மாளும் ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ரோஜா பிழைத்திருக்கும். அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அதை இராஜம்மாவின் தயவில் அல்லவா சொல்ல வேண்டும்!

"எனக்கு ஒருத்தருடைய தயவும் வேண்டாம். தீர்மானம் தீர்மானம்தான்."

மறுநாள் நகராட்சி லோரியில் தொட்டிகள் ஏறின. கடைசியில் நின்ற ஒரு ரோஜாவையாவது தான் வைத்துக்கொள்கிறேன் என்று இராஜம்மா கேட்டனுப்பினார். அம்மாள் அந்தத் தொட்டியை முதலில் ஏற்றச் சொன்னார். வீம்புக்கு முன்னால் பாசமாவது ஒன்றாவது.

அம்மாளின் கணவர் சண்முகரத்தினம் ஓய்வுபெற்ற ரயில்வே கிளார்க்கு. மனைவி பேசும் இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லாதவர். அன்று மாலை சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெறும் பால்கனியில் போட்டார். காலை நீட்டிப் படுத்தார்.

"இஞ்ச வாரும்," என்றார். "இப்ப நல்லாக் காத்து வருகுது."

அம்மாள் சமையலறையிலேயே நின்று அழுதார்.