தலைகீழாக மாட்டிய தோள்

என் அக்கா புருஷன் இருசப்பனுக்கு மெட்ராஸ் டாக்டர் தோளைத் தலைகீழாக மாட்டிவிட்டார் என்று அடி அண்ணாமலையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். டீக்கடையில் பேசுகிறார்கள், பவுர்ணமிக்குக் கடை போடுகிற இடத்தில் பேசுகிறார்கள். இத்தனை வருஷமாக இதற்குப் பதில் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. தலைகீழாகத்தான் மாட்டினார். மாட்ட வேண்டிய முறையே அதுதான் என்று சொன்னால் ஒருத்தனும் நம்புவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

மாமா பெயிண்டர். எண்பத்தொன்பதில் எங்கள் ஊர் தனி மாவட்டமாகி, வேங்கிக்கால் பக்கம் ஆபீசும் குடியிருப்புமாக எழும்ப ஆரம்பித்ததும் அவருக்கு ஓயாத வேலை. சீலிங் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பலகை மேல் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, வலது கையை உயர்த்தியபடி காலையிலிருந்து பொழுது சாயும் வரை அடிப்பார்.

“சொவத்த எவன் வேணா அடிப்பான்டா தருமா. அண்ணாந்து அடிக்கிறவன்தான் பெயிண்டரு” என்பார் என்னிடம்.

அறுபத்தைந்து வயசு வாக்கில் அந்தத் தோள் வலிக்க ஆரம்பித்தது. வலது பக்கமாகப் படுக்க முடியவில்லை. எண்ணெய் தேய்க்கிறவரிடம் போனார். வாயு என்று சொல்லித் தேய்த்துவிட்டார். அப்புறம் ஊசி. ஊசி போட்டால் ஒரு மாசம் தாங்கும், மறுபடி வேலைக்குப் போவார். இப்படியே வருஷங்கள் ஓடின. கடைசியில் வலி கம்மியானது, கை எழும்பாமல் போனது. முழங்கைக்குக் கீழே எல்லாம் நன்றாக இருக்கும், விரல் மடங்கும், பிரஷ் பிடிக்கும். தோளிலிருந்து தூக்கத்தான் முடியாது.

வேங்கிக்காலில் அவரே பெயிண்ட் அடித்த ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் தரையில் உட்கார்ந்து இலை முன்னால் குனிந்தார். சோற்றைப் பிசைந்தார். கை வாய்க்கு வரவில்லை. வாயை இலைக்குக் கொண்டுபோனார். எதிர்வரிசையில் ஒருத்தன் கேட்டான்:

“இன்னா பெருசு, மாடு கழனித்தொட்டில வாய வெக்கிற மாதிரி வெக்கிற?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமாவும் கூடச் சிரித்தார். கை கழுவிக்கொண்டு வந்தவர் அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. வீட்டிலும் அக்காவைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார். இடது கையால் ஸ்பூனில் சாப்பிடச் சொன்னால் “அந்தக் கைலயா?” என்று ஒரே கேள்வி.

ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்குகிறவர்களை மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு வேனில் கொண்டுபோய் விடுவது என் தொழில். 2007-ல் ஒரு சவாரியோடு மாமாவையும் அக்கா ராஜம்மாளையும் ஏற்றிக்கொண்டு போய், தோளுக்கென்றே இருக்கிற பிரசாத் என்கிற டாக்டரிடம் காட்டினேன்.

அவர் மாமாவின் வலது கையைத் தன் கையால் தூக்கினார். காது வரை தாராளமாகப் போனது. “நான் விடப்போறேன், அப்படியே புடிங்க” என்று விட்டார். வெட்டிய கிளை மாதிரி பொத்தென்று விழுந்தது. தூங்குகிற பிள்ளையின் கை கூட அப்படி விழாது.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார். “தோள்ல கை எலும்பு உருண்டையா இருக்கும், தோள்பட்டை எலும்பு கிண்ணம் மாதிரி இருக்கும். நாலு தசைநார் சேர்ந்து அந்த உருண்டைய கிண்ணத்தோட அழுத்திப் புடிச்சிருக்கும். உங்களுக்கு அதுல பெரும்பகுதி கிழிஞ்சு சுருங்கிடுச்சு. இப்ப மேல இருக்கிற பெரிய சதை இழுத்தா கை சுத்தறதுக்குப் பதிலா உருண்டை நேரா மேல ஏறுது. இங்க பாருங்க, மேல கூரை மாதிரி இருக்கிற எலும்புல போய் முட்டி நிக்குது. வருஷக்கணக்கா முட்டி ரெண்டும் தேய்ஞ்சுபோச்சு.”

“தைக்க முடியாதா சார்?” என்றேன்.

“ஆரம்பத்துலயே வந்திருந்தா தைச்சிருக்கலாம். இப்ப அந்தத் தசையே கொழுப்பா மாறிடுச்சு. தைச்சா நிக்காது.”

டாக்டர் மாமாவுடைய தோளின் வெளிப்பக்கத்தைத் தொட்டு “தெரியுதா?” என்றார். முழங்கையைத் தன் கைக்கு எதிராக வெளியே தள்ளச் சொல்லி, தோள் சதை இறுகுகிறதா என்று அமுக்கிப் பார்த்தார். “இந்தச் சதையும் இதோட நரம்பும் உயிரோட இருக்கு. மூட்டு மாத்தலாம்” என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளில், எப்படி மாட்டுவார்கள் என்று டாக்டர் சொன்னபோது நான் வேனை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா அழுதுகொண்டிருந்ததால் அவள் காதில் எதுவும் விழவில்லை. கேட்டது மாமா மட்டும்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒன்றரை மாசம் கை, கழுத்திலிருந்து கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. தொட்டிலைக் கழற்றிய வாரமே மாமா ஒரு வாய் சோற்றைத் தானாக எடுத்து வாயில் வைத்தார். அக்கா இந்த முறை திரும்பி உட்காரவில்லை.

“இன்னாடி பாக்குற? படமா காட்றாங்க?” என்றார்.

“ஆமா, டிக்கெட் இல்லாம பாக்குறேன்” என்றாள்.

அக்கா நேர்ந்துகொண்டதற்காக அன்று சாயங்காலமே பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சாமி பார்த்தாகிவிட்டது. கோயிலை விட்டு அப்படியே வெளியே வரக்கூடாது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது எல்லா ஜனமும் செய்கிறதுதானே. பிராகாரத்துக் கல்லில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எழுகிறபோது மாமா பழக்கதோஷத்தில் வலது கையைப் பின்னால் ஊன்றி உடம்பை எழுப்பினார்.

டொக் என்று ஒரு சத்தம். கூட்டத்தில் எனக்கே கேட்டது. தோளின் உருண்டை வடிவமே போய்விட்டது. முன்பக்கம் எதுவோ புடைத்து நின்றது. அக்கா “அண்ணாமலையாரே” என்று கத்தினதில் நந்திப் பக்கம் இருந்தவர்கள்கூட ஓடிவந்தார்கள். கும்பிட்ட கை கீழே இறங்குவதற்குள் இப்படியா என்று நினைத்துக்கொண்டே மாமாவைத் தாங்கிப் பிடித்தேன்.

பக்கத்தில் ஒரு எக்ஸ்ரே கடைக்குத் தூக்கிப்போனோம். அங்கே படம் எடுக்கிற சகாதேவன் ஈரப் படத்தைத் தூக்கிப் பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“யோவ், பந்து இருக்கவேண்டிய எடத்துல கிண்ணம் இருக்கு. கிண்ணம் இருக்கவேண்டிய எடத்துல பந்து இருக்கு. மாத்தி மாட்டிட்டாங்கய்யா!”

நானும் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. பட்டை எலும்பில் ஸ்க்ரூ போட்டு வெள்ளையாக ஒரு பந்து. கை எலும்பின் தலை இருக்கவேண்டிய இடத்தில் குழி. இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகி நின்றன. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

“அப்டித்தான்டா... மாட்டுவாங்க. சொன்னாரு” என்று மாமா முனகினார்.

“வலில உளர்றாரு” என்றாள் அக்கா.

அவ்வளவுதான். விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கேஸ் போட வேண்டும் என்றார்கள். மெட்ராஸ் போனால் தடயத்தை மறைத்துவிடுவார்கள் என்றார்கள். படத்தை ஜெராக்ஸ் எடுக்கலாமா என்று கேட்ட ஆளும் உண்டு. இந்தப் பேச்சில் இரண்டு நாள் போனது. மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். அக்கா ஊட்டினாள். மூன்றாம் நாள் காலை என் சட்டையைப் பிடித்தார்.

“கேஸு நீ போடு. என்னக் கொண்டுபோய் அந்தாள்கிட்ட போடு.”

டாக்டரை அடிப்பது என்ற எண்ணத்தோடுதான் நான் வண்டி ஓட்டினேன். உள்ளே போனதும் படத்தை அவர் மேசையில் எறிந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமாவின் தோள் வெளிப்பக்கத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா, விரல் அசைகிறதா என்றுதான் முதலில் பார்த்தார். “நரம்பு தப்பிச்சிடுச்சு. ஆனா இங்க வர ஏன் ரெண்டு நாள் ஆச்சு?” என்றார்.

“மாத்தி மாட்டினீங்களே, அத ஊரே பாக்கணும்ல?” என்றேன்.

அவர் பிளாஸ்டிக் எலும்பு ஒன்றை எடுத்தார். “வேணும்னேதான் மாத்திப் போட்டது. பழையபடியே போட்டா இவருக்கு உருண்டைய அழுத்திப் புடிக்க தசைநார் கிடையாது. அது திரும்ப மேல ஏறி, புதுக் கிண்ணத்த ஆட்டி ஆட்டிக் கழட்டிடும். பந்த பட்டை எலும்புல பதிச்சா மேல ஏற வழி இல்ல. கை சுத்தற மையம் உள்ள தள்ளி கீழ எறங்குது. பெரிய சதை நல்லா இழுபட்டு நிக்குது. மையத்துல இருந்து தள்ளி நின்னு இழுக்கறதால அதே சதைக்குப் பலம் ஜாஸ்தி. அது ஒண்ணே கையத் தூக்கிடும்.”

“அப்ப ஏன் கழண்டுச்சு?”

“கையப் பின்னால கொண்டுபோய், உடம்போட ஒட்டி ஊனி எழுந்தா கிண்ணம் பந்த விட்டு முன்னால வழுக்கிடும். மூணு மாசத்துக்கு அது கூடாதுன்னு சொன்னேன். பெரியவரே, சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க” என்றார் மாமா. “சாமி எதிர்ல ஞாபகம் வரல.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எறிந்த படத்தை நானே எடுத்து உறையில் போட்டேன்.

மயக்கம் கொடுத்து இழுத்து உள்ளே தள்ளினார்கள். மேசையிலேயே மறுபடி நழுவியது. அதனால் திறந்து, கிண்ணத்தின் பிளாஸ்டிக்கைத் தடிமனானதாக மாற்றி, சதையை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள். இரண்டாம் முறை திறந்ததால் சீழ் பிடிக்கலாம், இறுக்கியதில் கூரை எலும்பு விரிசல் விடலாம், கை கீழே இறங்கும்போதெல்லாம் கிண்ணத்தின் விளிம்பு பட்டை எலும்பின் அடியில் இடித்து நாளடைவில் பள்ளம் விழலாம் என்று இந்தத் தடவை எல்லாவற்றையும் என்னையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். நல்லவேளை, எதுவும் வரவில்லை. கை நெற்றி வரை ஏறியது. வெளிப்பக்கமாகத் திருப்புவதும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் மட்டும் சரியாக வரவே இல்லை. முதுகு சொறிய அக்காவைத்தான் கூப்பிடுவார். பிரஷ்ஷைத் திரும்பத் தொடவில்லை.

அடுத்த வருஷம் வேங்கிக்காலில் ஒரு கல்யாணத்துக்கு அவராகவே கிளம்பினார். பந்தியில் உட்கார்ந்தார். சோற்றை உருட்டி, முதுகு நிமிர்ந்தபடி வாயில் வைத்தார். ரசத்துக்கு உள்ளங்கையைக் குவித்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். பரிமாறுகிறவன் போதுமா என்றபோது “ஊத்துய்யா” என்றார்.

“தலைகீழ்த் தோளுப்பா” என்று யாரோ பின்னால் சொன்னார்கள். மாமா திரும்பவே இல்லை.

2009 ஐப்பசியில் நெஞ்சு வலி வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அக்கா வெந்நீர் பிடிக்க வெளியே போயிருந்தாள். வலது கையைத் தூக்கி என்னைக் கிட்டே கூப்பிட்டார். கடைசி ஆசை ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

“உங்க அக்கா மேல் பலகைல இருக்கிற டப்பாவ எந்தக் கையால எடுக்கிறான்னு பாத்தியா?”

“பாக்கலியே மாமா.”

“எடது கையால எடுக்கிறா. ஆறு மாசமா. ராத்திரி வலதுபக்கம் படுக்கிறதில்ல. கேட்டா ஒண்ணுமில்லன்றா. ஒளிச்சி ஒளிச்சி எண்ண தேச்சிக்கிறா.”

இரண்டு வருஷமாக அந்த வீட்டுக்கு நான் போகாத நாள் இல்லை. ஒருநாள் கூட என் கண்ணில் படவில்லை.

“அவளுக்கு இன்னும் கை ஏறுதுடா. இப்ப போனா தைச்சிடுவாரு” என்றார் மாமா. “நான் போனதும் எட்டு, பதினாறுன்னு உக்காந்துகினு இருக்காத. அவ அழுதுகினே இருந்தாலும் பரவால்ல. வேன்ல தூக்கிப் போட்டு அந்த டாக்டரு கிட்ட கொண்டுபோ.”