கழுத்து உண்ணியும் கட்டை உண்ணியும்

பண்ணையில் மாடு பார்க்கும் என் அக்காவை எல்லோரும் "உண்ணி பொறுக்கி" என்றுதான் சொல்வார்கள். அங்கே பால் வண்டி ஓட்டும் எனக்கு வருஷக்கணக்காக இதில் வயிறு எரிகிறது. மாட்டின் காது, மடி, வாலடி என்று தடவிய கையாலேயே எங்கே உண்ணி இருக்கிறதென்று சொல்லிவிடுவாள். அந்தக் கைக்கு இதுவா பேர்?

அவளுக்குக் கவலையே இல்லை. "பொறுக்கத் தெரியாதவன் வச்ச பேருடா" என்பாள்.

கோழிக் கொட்டகையில் கொண்டை வெளுத்துக் கோழிகள் சாக ஆரம்பித்தன. மாட்டு உண்ணிதான் தாவிவிட்டதென்று முதலாளி முடிவு கட்டினார். ஒரு காலையில் கழுத்தைப் பிடித்தபடி தொழுவத்துக்கு வந்தார்.

"பாரும்மா, இப்ப என் மேலயே ஒண்ணு! உன் வேலை லட்சணம் இதுதான். நாளையிலிருந்து வராதே."

அவள் சம்பளம் நின்றால் எங்கள் வீடு ஆடிவிடும். அவர் மனம் குளிரட்டுமென்று நான் தீக்குச்சி உரசினேன். "சுட்டா விழுந்துடும் ஐயா."

"டேய், முதலாளியையே கொளுத்தப் போறியா?" அக்கா ஊதி அணைத்தாள். "சூடு வச்சாலும் எண்ணெய் தடவினாலும் அது குடிச்சதைக் காயத்துக்குள்ளயே கக்கிடும். அசையாம நில்லுங்க ஐயா. என்னை வேலையை விட்டு அப்புறம் தூக்கலாம்."

நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் வாயருகே பிடித்தாள். நசுக்கவில்லை, திருகவில்லை. நிதானமாக, நேராக இழுத்தாள். முழுசாக வந்தது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"முதுகுல தகடு, முன்னாடி நீட்டின வாய். இது கடின உண்ணி. ஒட்டினா நாள்கணக்கா விடாது. உப்பியிருக்கறதைப் பார்த்தா சில நாளாவே உங்களைக் குடிச்சிருக்கு. என் மாட்டுல தப்பினதாவே இருக்கட்டும். இப்ப கொட்டகைக்கு வாங்க."

கோழிகள் அமரும் கட்டையின் விரிசலில் கத்தியை நுழைத்து நெம்பினாள். தோல்பை போலச் சுருங்கிய உண்ணிகள் உதிர்ந்தன. முதலாளி பின்வாங்கினார்.

"தகடு எங்கே? மேலிருந்து பார்த்தா வாயாவது தெரியுதா? இது மெது உண்ணி. ராத்திரி வந்து கொஞ்ச நேரத்துல குடிச்சிட்டு விரிசலுக்குள்ள ஓடிடும். இந்த உண்ணியோட குஞ்சுங்க மட்டும்தான் கோழி மேல சில நாள் தங்கும். பகல்ல கோழியைப் புரட்டினா பெருசு எப்படி கிடைக்கும்?"

"அப்ப உன் மாடு காரணமில்ல?"

"சொன்னதை வாபஸ் வாங்குங்க."

"வாங்கிட்டேன் தாயே. வேலையும் உன்னுதுதான்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொட்டகை வாசலில் கூடி நின்ற பண்ணை ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்தேன். ஒருத்தனும் அந்தப் பேரை எடுக்கவில்லை.

அக்கா முதலாளி கழுத்தில் எடுத்த உண்ணியைச் சின்ன டப்பாவில் போட்டு மூடி, "காய்ச்சலோ தடிப்போ வந்தா இதோட டாக்டர்கிட்ட போங்க ஐயா" என்று அவர் கையில் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, வண்டியை ஓரமா விட்டுட்டு வா. கட்டை எல்லாத்தையும் கழற்றி வெளியே போடணும். முதல் கட்டையை மட்டும் நீ தொடாதே, முதலாளி கழற்றட்டும்."