உருளிக்குள் ஒரு பழமலை

விருந்துக்கூடத்தில் அவளை எல்லோரும் உருளிக்காரி என்றே கூப்பிட்டார்கள். மேசை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலைக்கு வந்தவள். ஒரு நாள் பூக்காரர் வராமல் போக, மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இவள் சமையலறையில் கிடந்த எலுமிச்சைகளையும் கண்ணாடிக் கிண்ணங்களையும் வைத்து மேசையை ஒப்பேற்றினாள். அன்றிலிருந்து மேசை நடுவை அலங்கரிப்பது அவள் பொறுப்பாகிவிட்டது. இஸ்திரிப் பெட்டியும் கையை விட்டுப் போகவில்லை.

அகலமான அந்தப் பித்தளை உருளியைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தபோது, ஆட்டோ ஓட்டும் கணவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். “இதுல நானே உட்கார்ந்து குளிக்கலாம் போலிருக்கே!”

“குளிச்சுத் தொலை. அப்புறம் நீயே புளி போட்டுத் தேய்ச்சு வை,” என்றாள்.

உருளியை அவள் தண்ணீரோடு ஒருபோதும் தூக்கியதில்லை. மேசையில் மடித்த துணியைப் போட்டு, அதன் மேல் உருளியை வைத்து, பிறகுதான் குடத்திலிருந்து ஊற்றுவாள். செவ்வந்தியைக் காம்பு ஒட்ட நறுக்கினால் தலை நிமிர்ந்து மிதக்கும். ஆரஞ்சும் ஆப்பிளும் மிதக்கும், திராட்சை மூழ்கிவிடும். அதனால் திராட்சைக் கொத்தை உருளிக்கு வெளியே, இலைகளின் மேல் சாய்த்து வைப்பாள். பூக்களை முந்தின நாளே வாங்கினால், கனிந்த பழக்கூடை இருக்கும் அறையில் வைக்கமாட்டாள். அந்தக் காற்றுப் பட்டாலே சில பூக்கள் சோர்ந்துவிடும். மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே எதுவும் தொங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கணக்கு வைத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, முகவாயைக் கைமேல் வைத்துப் பார்ப்பாள். அந்தக் கைக்கு மேல் அலங்காரம் உயரக் கூடாது. எதிரில் இருப்பவர் முகம் தெரியாவிட்டால் அது என்ன விருந்து?

அந்தக் கணக்கைத்தான், விருந்துக்கு ஏற்பாடு செய்ய வந்த ஒரு வங்கி அதிகாரி அம்மா உடைக்கச் சொன்னார்.

அவருடைய அம்மா பெரிய அறுவை சிகிச்சை முடிந்து தேறியிருந்தார். அதற்காக ஒரு குடும்ப விருந்து. “எனக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. வீட்டை வித்ததுல இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. அம்மா ஒரே ஒரு ஆசைதான் சொன்னாங்க, ஒரு வேளை ரெண்டு பேரும் ஒரே மேசைல சாப்பிடணும்னு. முகத்தைப் பார்த்தா ஆரம்பிச்சிடுவாங்க. நடுவுல மலை மாதிரி எதையாவது கட்டிவிடுங்க.”

“மறைக்கவா, மேடம்?”

“மறைக்கத்தான். சாப்பாடு சண்டையில்லாம முடிஞ்சா போதும்.”

உருளிக்காரிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வங்கி அதிகாரியின் குரலில் இருந்த களைப்பு அவளை வாய் திறக்கவிடவில்லை. சரி, இந்த ஒரு வேளை எப்படியாவது சுமுகமாக முடியட்டும் என்று தலையாட்டினாள்.

மலை கட்டிப் பழக்கமில்லை. உருளியின் நடுவில் பால் காய்ச்சும் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். அதன் மேல் ஆரஞ்சு, ஆப்பிள், மாதுளை என்று அடுக்கி, உச்சியில் ஓர் அன்னாசியை நிறுத்தினாள். பாத்திரத்தின் பக்கங்களை இலையால் மறைத்தாள். சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, செவ்வந்தியும் ரோஜா இதழ்களும் மிதக்கும் மெழுகுவர்த்திகளும் விட்டாள். எட்ட நின்று பார்த்தால், குளத்து நடுவே ஒரு குன்று.

“ஆளே தெரியலை. பிரமாதம்!” என்றார் வங்கி அதிகாரி அம்மா.

அண்ணன் ஒரு பக்கம், அவரை ஒட்டி வயதான அம்மா. எதிர்ப்பக்கம் தம்பி. குசல விசாரிப்புகள் எல்லாம் குன்றைச் சுற்றிக்கொண்டு போய் வந்தன. அண்ணன் பருப்புக் கிண்ணத்தை அக்கம்பக்கம் கேட்டு வாங்கினாரே தவிர, எதிரில் கை நீட்டவில்லை. உருளிக்காரி சுவரோரம் நின்று பார்த்தாள். பரவாயில்லை, வண்டி ஓடுகிறது.

அம்மாதான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். “சின்னவன் எங்கடி? வந்தானா இல்லையா?”

“எதிர்லதாம்மா இருக்கேன்,” என்றது அன்னாசிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“குரல் வருது, ஆளைக் காணோமே! நான் என்ன போன்லயா பேசிட்டிருக்கேன்?”

மகள் பேச்சை மாற்றப் பார்த்தார். அம்மா விடுகிற ஆள் இல்லை. கை நீட்டி ஓர் ஆரஞ்சை எடுத்துப் பக்கத்திலிருந்த பேத்தியிடம் கொடுத்தார். “சாப்பிடு, உடம்புக்கு நல்லது.” அடுத்து ஒரு மாதுளை. அதற்கடுத்து இரண்டு ஆப்பிள். தன் பக்கத்து மலையை அமைதியாக உரித்துக்கொண்டே போனார்.

அப்போதுதான் உருளிக்காரிக்கு விஷயம் உறைத்தது. கவிழ்த்த பாத்திரத்துக்குள் இருப்பது காற்று. பழங்களின் பாரம்தான் அதைத் தண்ணீருக்குள் அமுக்கி வைத்திருந்தது. பாரம் குறைந்தால் அது மிதக்கப் பார்க்கும். பழங்களுக்கு அடியில், பாத்திரத்தின் மேல் பாரமாக ஒரு கல் வைத்துக் கட்டியிருக்க வேண்டும். தாழ்வாகவே அலங்கரித்துப் பழகியவளுக்கு அது தோன்றவே இல்லை.

அவள் ஓடி வருவதற்குள் ‘குபுக்’ என்று ஒரு சத்தம். குன்று ஒரு பக்கமாக எழும்பிச் சாய்ந்தது. அண்ணன் சட்டென்று இரண்டு கைகளாலும் தாங்கினார். எதிர்ப்பக்கமிருந்து தம்பியின் கைகளும் வந்தன. அன்னாசி உருண்டு பாயசக் கிண்ணத்தருகே போய் நின்றது. அது இருந்த இடத்தில் இரண்டு முகங்கள்.

“விட்டுடாதடா, அம்மா மேல விழுந்துடும்!”

“நான் எங்க விட்டேன்? நீதான் உன் பக்கம் இழுக்கறே.”

“நான் இழுக்கலை, தாங்கறேன்.”

“எப்பவும் இதையே சொல்லு!”

வங்கி அதிகாரி அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“ரெண்டு பேரும் அப்படியே பிடிச்சுக்குங்க சார், அசையாதீங்க,” என்றாள் உருளிக்காரி. முதலில் மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்தாள். மேலிருந்து ஒவ்வொரு பழமாக இறக்கினாள். அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் மேசையெல்லாம் வெள்ளமாகிவிடும். சட்டைக் கைகள் நனைய, இரண்டு பேரும் ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

“முடி கொட்டிப் போச்சே உனக்கு,” என்றார் அண்ணன் கடைசியில்.

“உனக்கு மட்டும் என்ன, காடா வளர்ந்திருக்கு?”

பேத்திதான் முதலில் சிரித்தாள். அடுத்தது அம்மா, வலிக்கிற வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

உருளிக்காரி பாத்திரத்தை மெல்லச் சாய்த்து, காற்றை வெளியேற்றி, தண்ணீர் சிந்தாமல் எடுத்தாள். நீர் மட்டம் சடாரென்று இறங்கியது. ஒரு குடம் ஊற்றி நிரப்பினாள். நான்கு ஆரஞ்சுகளை மிதக்கவிட்டாள். செவ்வந்திகளைப் பரப்பி, திரியைத் துடைத்து, மெழுகுவர்த்திகளை மறுபடி ஏற்றினாள். பழக்கத்தில் ஒரு முழங்கையை மேசையோரம் ஊன்றிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

“இப்பதான் மேசை மாதிரி இருக்கு,” என்றார் அம்மா.

அதற்குப் பிறகு சகோதரர்கள் ஒன்றும் கொஞ்சிக் குலாவிவிடவில்லை. வீட்டைப் பற்றிய பேச்சை யாரும் எடுக்கவில்லை. தம்பி ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை உருளிக்கு அந்தப் பக்கம் தள்ளினார். அண்ணன் பார்க்காத மாதிரி எடுத்துத் தின்றார். வங்கி அதிகாரி அம்மா கிளம்பும்போது உருளிக்காரியின் ஈரக் கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனார்.

வீடு திரும்பும் வழியில், கட்டடம் கட்டுகிற இடத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, தட்டையான ஒரு கல்லைப் பொறுக்கி வந்தாள்.

“இது எதுக்கு?” என்றான் கணவன்.

“மறுபடி யாராவது மலை கேட்டா, பழத்துக்கு அடியில வைக்க.” நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்போ இனிமே ஆடாத மலையா கட்டுவே?”

அவள் மடியிலிருந்த கல்லைத் தடவினாள்.

“கட்டறேன். யார் கேக்கறாங்கன்னு பார்த்துட்டுக் கல்லை வைக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றேன்.”

இப்போதைக்கு அந்தக் கல் அவர்கள் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் தாங்கிக்கொண்டு கிடக்கிறது.